மதுரையிலிருந்து ஹம்பிக்கு: வண்டி மாறும் ஊரைத் தேர்ந்தெடுத்த கதை

அம்மாவுக்கு ஹம்பி விருபாக்ஷர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி இருக்கிறது. இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது. எனவே ரயில்தான். ஹம்பிக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் ஹொசபேட்டே. பழைய பெயர் ஹோஸ்பேட், நிலையக் குறியீடு HPT. அங்கிருந்து ஹம்பி பதின்மூன்று கிலோமீட்டர். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் MDU என்றும் HPT என்றும் கொடுத்துத் தேடினேன். நான் தேடிய எந்த நாளிலும் நேரடி வண்டி வரவில்லை. எங்கோ ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும்.

எந்த ஊரில் மாறுவது என்பதில் நான் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு விஜயவாடாவுக்குப் போனபோது, எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் அடுத்த வண்டியைப் பிடிப்பதாகத் திட்டம். நடுவில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தானே, தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். செங்கல்பட்டு வரை ஒழுங்காக வந்த வண்டி அதற்குப் பிறகு சிக்னல் சிக்னலாக நின்றது. எழும்பூர் வந்து சேர்ந்தபோது எங்களிடம் மிச்சமிருந்தது பதினெட்டு நிமிடம். அம்மாவைப் படியேற்றி, ஆட்டோ பிடித்து, சென்ட்ரல் வாசலில் இறங்கும்போது வண்டி போய்விட்டிருந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் வண்டி தாமதமானதற்கும் இரண்டாவது டிக்கெட்டுக்கும் காகிதத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாவது டிக்கெட்டின் பணம் முழுவதும் போயிற்று. பணத்தைவிட, சென்ட்ரல் கூடத்தில் பையின் மேல் உட்கார்ந்து, "பரவாயில்லைப்பா, அடுத்த வண்டியில் போவோம்" என்று அம்மா சொன்ன முகம்தான் இன்னும் மனத்தில் இருக்கிறது.

அதனால் இந்த முறை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரிடம் போனேன். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோனேன். மதுரையிலிருந்து கிளம்பும் வண்டிகளை எழுதத் தொடங்கியதும் அவர் நிறுத்தினார்.

"மதுரையை அப்புறம் எழுதலாம் தம்பி. முதலில் ஹொசபேட்டேயை எழுதுங்கள். மதுரையிலிருந்து நாலா பக்கமும் வண்டி இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் வண்டிதான் குறைவு. குறைவாக இருக்கும் பக்கத்தில்தான் முடிச்சு விழும்."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டவற்றில் மிக உதவியானது இதுதான். நாம் எல்லோரும் புறப்படும் ஊரிலிருந்து யோசிக்கிறோம். அப்படி யோசித்தால் மதுரையிலிருந்து சென்னைக்குப் பத்துப் பதினைந்து வண்டி, பெங்களூருவுக்குச் சில வண்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எங்கே போய் நிற்கிறோம் என்றே தெரியாது. சேரும் ஊரிலிருந்து பின்னோக்கி வந்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஹொசபேட்டேக்கு வரும் வண்டிகளில் எங்களுக்குப் பயன்படக்கூடியவை என்று மூன்றைத்தான் எழுத முடிந்தது. மைசூருவிலிருந்து பெங்களூரு வழியாக ஹுப்பள்ளிக்குப் போகும் ஹம்பி எக்ஸ்பிரஸ் தினசரி வண்டி. பெங்களூருவில் இரவு பத்து மணி வாக்கில் கிளம்பி, காலை ஏழு மணி வாக்கில் ஹொசபேட்டே சேர்கிறது. திருப்பதியிலிருந்து கோலாப்பூர் போகும் ஹரிப்பிரியா எக்ஸ்பிரஸும் தினசரி வண்டி. அதுவும் இரவுப் பயணம்தான். மூன்றாவது, ஆந்திராவின் கிழக்குப் பக்கமிருந்து குண்டக்கல் வழியாக வரும் அமராவதி எக்ஸ்பிரஸ். அது எங்களுக்கு ரொம்பச் சுற்று.

மூன்று வண்டியின் பாதையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் பார்த்து, "மதுரையிலிருந்து இங்கே ஒரே வண்டியில் வர முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே போனோம். வர முடியும் என்ற இடத்தில் வட்டம் போட்டார். பெங்களூரு, குண்டக்கல், ஹுப்பள்ளி ஆகிய மூன்றில் வட்டம் விழுந்தது. திருப்பதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தோம். மதுரையிலிருந்து அங்கே போகும் வண்டி எங்கள் தேதிக்குப் பொருந்தவில்லை.

வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது குண்டக்கல்தான். எனக்கும் அப்படித்தான். தெற்கே தர்மாவரம் வழியாக பெங்களூருவுக்கும், தென்கிழக்கே ரேணிகுண்டா பக்கமும், கிழக்கே நந்தியால் பக்கமும், வடக்கே ராய்ச்சூர் பக்கமும், மேற்கே பல்லாரி பக்கமும் பாதை பிரியும் பெரிய சந்திப்பு அது. ஹொசபேட்டேக்கு அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக மும்பை போகும் வண்டி ஒன்று வாரத்தில் சில நாள் குண்டக்கல்லைத் தொட்டுப் போகிறது. பகலில் மதுரையில் ஏறினால் ஒரே மூச்சில் குண்டக்கல், அங்கிருந்து கொஞ்ச தூரம். காகிதத்தில் பார்க்க இதைவிட அழகான வழி கிடையாது.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குண்டக்கல்லில் இறங்கிய பிறகு எந்த வண்டியில் ஏறுவீர்கள்?"

பட்டியலைப் பார்த்தேன். அந்த மும்பை வண்டி குண்டக்கல்லுக்குப் போவது நள்ளிரவுக்குப் பிறகு. அதன்பின் ஹொசபேட்டே பக்கம் போகும் வண்டிகளில் எங்களுக்கு ஏற்றது, பெங்களூருவிலிருந்து இரவு பத்து மணிக்குக் கிளம்பிவரும் அதே ஹம்பி எக்ஸ்பிரஸ்தான். பெங்களூருவில் ஏறினாலும் குண்டக்கல்லில் ஏறினாலும் கடைசி வண்டி ஒன்றே. போய்ச் சேரும் நேரமும் ஒன்றே. ஒரு வழியில் இரவு பத்து மணிக்குப் படுத்தால் காலையில் எழுந்துகொள்ளலாம். இன்னொரு வழியில் நடு இரவில் அம்மாவை எழுப்பி, இறக்கி, நடைமேடையில் உட்காரவைத்து, விடிவதற்கு முன் சில நிமிடமே நிற்கும் வண்டியில் இருட்டில் பெட்டியைத் தேடி ஏற்ற வேண்டும். அந்த வழியில் போனால் ஒரு மணி நேரம்கூட முன்னதாகப் போய்ச் சேர முடியாது.

சந்திப்பைத் தேடும்போது தூரத்தைப் பார்க்கிறோம், பாதை எத்தனை பக்கம் பிரிகிறது என்று பார்க்கிறோம். இரண்டாவது வண்டி எது என்பதை மட்டும் பார்க்க மறந்துவிடுகிறோம். இரண்டு சந்திப்புகளிலும் கடைசி வண்டி ஒன்றாக இருந்தால், அந்த வண்டியில் எந்த ஊரில் எந்த நேரத்தில் ஏறுவது நல்லது என்பதே பார்க்க வேண்டிய கேள்வி.

குண்டக்கல்லில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஹம்பி எக்ஸ்பிரஸுக்கு குண்டக்கல்லின் குறியீடான GTL-லிருந்து HPT வரை என்று தேடிப் பார்த்தேன். PQWL என்று காத்திருப்போர் பட்டியல் காட்டியது. அதே நாளில், அதே வண்டியில், பெங்களூருவின் SBC-யிலிருந்து HPT வரை என்று தேடினால் இடம் இருந்தது. இதற்குக் காரணம் இடங்களைப் பங்கு பிரித்து வைத்திருக்கும் முறை. PQWL என்பது வழியிலுள்ள பல நிலையங்களுக்குப் பொதுவாக ஒதுக்கிய சிறிய பங்கின் காத்திருப்புப் பட்டியல். அதில் ரத்தாகும் டிக்கெட்டும் குறைவு என்பதால் நகர்வும் குறைவு. வண்டி புறப்படும் நிலையத்தின் பொதுப் பங்குக்கான GNWL அதைவிட வேகமாக நகரும். ஆகவே சிறிய சந்திப்பில் இடம் இல்லை என்றால் வண்டியே நிரம்பிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதே வண்டிக்கு முந்தைய பெரிய ஊரிலிருந்து ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் இடத்தை மட்டும் சந்திப்புக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. மாற்றிய பிறகு பழைய இடத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வட்டம் ஹுப்பள்ளி. இது எனக்கே முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. ஹொசபேட்டேயிலிருந்து ஹுப்பள்ளி சுமார் 145 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. போக வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதா என்று தோன்றியது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து மதுரை வழியாக தாதர் போகும் வண்டி ஹுப்பள்ளியைப் பகல் வேளையில் தொடுகிறது. பெங்களூருவில் இறங்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். இரவெல்லாம் ஒரே பெட்டியில் தூங்கிவிட்டு, பகலில் ஹுப்பள்ளியில் மாறி, கிழக்கே போகும் ஏதாவது ஒரு வண்டியில் இரண்டரை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்தால் ஹொசபேட்டே. திரும்பி வரும் தூரம் வீண் என்று தோன்றினாலும், பகலில் மாறுவதும், அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வண்டி இருப்பதும் பெரிய லாபம்.

இதை ஏன் விட்டேன் என்றால், தாதர் வண்டி தினசரி வண்டி அல்ல. எங்களுக்கு வேண்டிய நாளில் அது இல்லை. திரும்பும் நாளுக்கும் பொருந்தவில்லை. வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் வண்டியை நம்பி இறங்கும்போது, அது ரத்தானாலோ இடம் உறுதியாகாவிட்டாலோ மறுநாள் போகலாம் என்ற வாய்ப்பே இருக்காது. அம்மாவை நினைத்து யோசித்ததில் இன்னொன்றும் இருந்தது. ஹுப்பள்ளி நிலையத்தின் ஒரு நடைமேடை 1,507 மீட்டர் நீளம். உலகத்திலேயே நீளமான நடைமேடை என்று 2023-இல் திறந்துவைத்தார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடப்பது சின்ன விஷயமல்ல. பெரிய சந்திப்பில் மாறுகிறவர்கள் நம் பெட்டி எந்தப் பக்கம் நிற்கும், மேம்பாலத்தில் மின்தூக்கி இருக்கிறதா என்பதையும் மாறும் நேரத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆக, மிச்சம் பெங்களூரு. ஆனால் பெங்களூரு என்று சொன்னால் அது ஒரு நிலையம் அல்ல. மெஜஸ்டிக்கில் இருக்கும் கே.எஸ்.ஆர். பெங்களூரு (SBC), கன்டோன்மென்ட் (BNC), யஷ்வந்த்பூர் (YPR), பையப்பனஹள்ளியில் புதிதாக வந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யா முனையம் (SMVB), கிருஷ்ணராஜபுரம் (KJM) என்று பல இடங்களில் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. இவற்றில் சிலவற்றுக்கு இடையே நகர நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழும்பூரும் சென்ட்ரலும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இங்கே மறக்கவில்லை. ஊரின் பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் பார்த்தேன். ஹம்பி எக்ஸ்பிரஸில் SBC-யில் ஏற வேண்டும். மதுரையிலிருந்து வரும் வண்டி எந்தக் குறியீட்டில் நம்மை இறக்குகிறது?

இரண்டு வண்டிகள் பொருந்தி வந்தன. தூத்துக்குடியிலிருந்து மைசூரு போகும் தினசரி வண்டி மதுரையில் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலையில் SBC-யிலேயே இறக்கிவிடும். நிலையம் மாற வேண்டாம். ஆனால் அதன்பின் இரவு பத்து மணி வரை முழுப் பகலும் பெங்களூருவில் கழிய வேண்டும். அதோடு இரண்டு இரவு தொடர்ந்து வண்டித் தூக்கம். மற்றது 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய மதுரை–பெங்களூரு கன்டோன்மென்ட் வந்தே பாரத். செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாள்களில் மதுரையில் காலை 5.15-க்குக் கிளம்பி, திருச்சி, கரூர், நாமக்கல், சேலம் வழியாகப் பகல் ஒரு மணிக்கு கன்டோன்மென்ட் சேர்கிறது. அங்கிருந்து SBC நான்கைந்து கிலோமீட்டர். கையில் ஒன்பது மணி நேரம்.

ஒன்பது மணி நேரமா என்று எனக்கே முதலில் மலைப்பாக இருந்தது. தளத்தில் தேடினால் மூன்று மணி, இரண்டு மணி இடைவெளியில் மாறும் வழிகளெல்லாம் வருகின்றனவே என்று கேட்டேன். அப்போது ஸ்டேஷன் மாஸ்டர் கால அட்டவணையைப் படிக்கும் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வண்டி கடைசியாக நிற்கும் நிலையத்தையும் அதற்கு முந்தைய நிலையத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையே வண்டி எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்வதாக அட்டவணையில் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே பாதையில் எதிர்த்திசையில் கிளம்பும் வண்டிக்கு அதே தூரத்துக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். கிளம்பும்போது பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு, வந்து சேரும்போது முப்பது நிமிடம் போட்டிருப்பதைப் பல வண்டிகளில் காணலாம். அந்த இருபது நிமிடம் உண்மையான பயண நேரம் அல்ல. வழியில் ஏற்பட்ட தாமதத்தை ஈடுகட்ட ஒதுக்கிய உபரி நேரம். வழியில் இருபது நிமிடம் தாமதமாக வந்த வண்டியும் கடைசி நிலையத்தில் சரியான நேரத்துக்கு நின்றுவிடும்.

"இதில் உங்களுக்கு என்ன பயன் என்றால்," என்றார், "முதல் வண்டி எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊரில் மாறுவதுதான் பத்திரம். அந்த உபரி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். நடுவழிச் சந்திப்பில் இறங்கினால் பெரும்பாலும் அது கிடைக்காது. வண்டி தாமதம் என்றால் தாமதம்தான்."

எழும்பூரில் நான் ஏமாந்ததைச் சொன்னேன். அதுவும் கடைசி நிலையம்தானே என்று கேட்டேன். உபரி இருபது முப்பது நிமிடத்தைத்தான் விழுங்கும், ஒரு மணி நேரத் தாமதத்தை விழுங்காது என்றார். உபரி நேரம் என்பது சின்ன காயத்துக்கு மருந்து, அவ்வளவுதான். மிச்சத்துக்கு நாம்தான் இடம் விட வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்பதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். ரயில்வேயின் NTES செயலியில் ஒரு வண்டி கடந்த சில நாள்களில் எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்கலாம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டால் ஒரு கணக்குக் கிடைத்துவிடும். சராசரியைப் பார்க்காதீர்கள், மோசமான நாளைப் பாருங்கள் என்றார். அந்த மோசமான தாமதத்தோடு நிலையம் மாறவும் சாப்பிடவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் வருவதுதான் நமக்கு வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி. அன்றைய தேதியில் எங்கள் வந்தே பாரத்துக்கு நான் குறித்துவைத்த மோசமான தாமதம் ஒரு மணி நேரத்துக்குள்தான் இருந்தது. ஆக, இரவு பத்து மணி வண்டி எங்கள் கையைவிட்டுப் போக வாய்ப்பே இல்லை என்று நிம்மதியானேன்.

பெங்களூருவை முடிவு செய்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏதோ காரணத்தால் ஹம்பி எக்ஸ்பிரஸ் கிடைக்காமல் போனால், கே.எஸ்.ஆர். நிலையத்துக்கு எதிரிலேயே மெஜஸ்டிக் பஸ் நிலையம். ஹொசபேட்டேக்கு இரவு பஸ்கள் அங்கிருந்து போகின்றன. அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்றாலும், வழியில்லாமல் நிற்கும் நிலை வராது. குண்டக்கல்லில் நடு இரவில் அந்த வாய்ப்பு எனக்குத் தெரியவில்லை. வண்டி தவறினால் அங்கிருந்து வேறு எப்படிப் போவது என்று கேட்டு, பதில் இருக்கும் சந்திப்பைத் தேர்ந்தெடுப்பதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

டிக்கெட் பதிவில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து குறைத்தார்கள். மாறிப் போகிறவர்கள் அரிதான வண்டியின் டிக்கெட்டை முதலில் எடுக்க வேண்டும். நான் முதல் நாள் காலையில் ஹம்பி எக்ஸ்பிரஸில் இரண்டு கீழ்ப்படுக்கையை உறுதிசெய்த பிறகுதான் வந்தே பாரத்துக்குப் போனேன். முதல் வண்டிக்கு வேறு வழி உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது என்பதால் அந்த வரிசை.

இரண்டாவது விஷயம், எழும்பூரில் பணம் போனபோது எனக்குத் தெரியாதது. 2019 ஏப்ரல் 1 முதல், தொடர் பயணத்துக்கான இரண்டு டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். அப்படி இணைத்த பின் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது வண்டி தவறினால், பயன்படுத்தாத இரண்டாவது டிக்கெட்டின் கட்டணத்தை ரத்துக் கட்டணப் பிடித்தம் இல்லாமல் திரும்பப் பெறலாம். பயணிகளின் பெயர், வயது முதலிய விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் டிக்கெட் முடியும் நிலையமும் இரண்டாவது தொடங்கும் நிலையமும் ஒன்றாகவோ, ரயில்வே ஒரே தொகுப்பாகக் கருதும் நிலையங்களாகவோ இருக்க வேண்டும். வண்டி தவறினால், முதல் வண்டி சந்திப்புக்கு உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், இணைய டிக்கெட் என்றால் தளத்தில் TDR என்னும் பணம் திரும்பக் கேட்கும் கோரிக்கையைப் பதிய வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அந்த நிலையக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் அடுத்த வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போது இந்த மூன்று மணி நேரம் ஓடிவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் கோரிக்கையைப் பதியுங்கள், பிறகு அடுத்த வண்டியைத் தேடுங்கள். இரண்டு டிக்கெட்டாக எடுப்பதில் கட்டணம் கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை. ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டு போகும். பயணத்தை இரண்டாக வெட்டினால் அந்தச் சலுகை போய், முன்பதிவுக் கட்டணமும் இரண்டு முறை விழும்.

2025 பிப்ரவரியில் கிளம்பினோம். மதுரையில் விடிவதற்கு முன் ஏறி, அம்மா சேலம் வரை தூங்கினார். கன்டோன்மென்ட்டில் இறங்கியபோது மணி ஒன்று பத்து. கே.எஸ்.ஆர். நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். அங்கே பயணிகள் தங்கும் அறையை பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பே பதிவு செய்திருந்தேன். அம்மா குளித்துவிட்டு, சாப்பிட்டு, காலில் தைலம் தேய்த்துக்கொண்டு மாலை ஆறு மணி வரை படுத்திருந்தார். ஒன்பது மணி நேரக் காத்திருப்பு என்று நான் பயந்தது அவருக்குப் பயணத்தின் நடுவில் ஓர் ஓய்வு நாளாகிவிட்டது. இரவு ஒன்பதரைக்கெல்லாம் நடைமேடைக்கு வந்துவிட்டோம். வண்டி வந்ததும் அவசரமில்லாமல் ஏறினோம். குண்டக்கல் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பல்லாரி தாண்டி வெளிச்சம் வந்தபோதுதான் கண் விழித்தேன்.

திரும்பும் வழியில்தான் இடைவெளியின் அருமை புரிந்தது. ஹொசபேட்டேயில் இரவு கிளம்பும் அதே வண்டி காலை ஆறு மணி வாக்கில் பெங்களூரு சேர வேண்டும். மதுரைக்கு வந்தே பாரத் கன்டோன்மென்ட்டில் பகல் 1.30-க்கு. அன்று எங்கள் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். அனந்தபூரைத் தாண்டி எங்கோ வெட்டவெளியில் நின்றபோது எதிர்ப்படுக்கையில் இருந்த தம்பதி கைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பதறினார்கள். ஏழரை மணிக்கு அவர்களுக்கு வேறொரு நிலையத்திலிருந்து வண்டி. அவர்களிடம் இரண்டு டிக்கெட்டையும் இணைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இருந்தாலும் அடுத்து என்ன வண்டி இருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து தேடினேன். தங்கள் ஊருக்கு எந்தெந்த வண்டி நிற்கும் என்பதை அவர்கள் முதலில் சொல்ல, அதை வைத்துப் பின்னோக்கி வந்ததில் மத்தியானம் புறப்படும் வண்டி ஒன்று கிடைத்தது. அவர்கள் அதில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா பையைத் திறந்து, ஹொசபேட்டேயில் வாங்கிய வாழைப்பழத்தில் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

எட்டேகாலுக்கு கே.எஸ்.ஆர். பெங்களூருவில் இறங்கினோம். இந்த முறை தங்கும் அறை கிடைக்கவில்லை. காத்திருப்போர் கூடத்தில் முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, பத்தரைக்குக் கிளம்பி கன்டோன்மென்ட் போனோம். வண்டிக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது.